மருத்துவச் செலவுக்குச் சந்தை விதிகள் ஏன் சரிவரப் பொருந்துவதில்லை? ஓர் எளிய விளக்கம்

மருத்துவச் செலவு பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "எல்லா ஆஸ்பத்திரியும் விலைப்பட்டியலை வாசலில் ஒட்டட்டும், போட்டி வந்தால் விலை தானாக இறங்கும்" என்பது ஒரு கட்சி. "எல்லாம் பேராசை, டாக்டர்கள் நேர்மையாக இருந்தால் போதும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் டாக்டர்கள் எல்லோரும் நேர்மையானவர்களாகவே இருந்து, விலைகள் எல்லாம் வெளிப்படையாகவே இருந்தாலும் இந்தச் சந்தை மற்ற சந்தைகளைப் போல நடந்துகொள்ளாது. அது ஏன் என்பதை முதலில் ஒழுங்காக எடுத்துச் சொன்னவர் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ. 1963இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் சுகாதாரப் பொருளியல் என்ற துறையே பிறந்தது என்று பலரும் சொல்வார்கள்.

இந்தச் சிக்கலில் மூன்று இழைகள்: நிச்சயமின்மை, தகவல் இடைவெளி, மூன்றாம் தரப்புப் பணம். இவற்றைத் தனித்தனியாக விளக்கும் கட்டுரைகள் நிறைய உண்டு. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, ஒன்றைத் தீர்க்கப் போனால் அடுத்தது எப்படி முளைக்கிறது என்பதுதான்.

சாதாரணச் சந்தை என்றால் என்ன?

செருப்பு வாங்குவதை எடுத்துக்கொள்வோம். பழசு தேய்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். கடைக்குப் போய்ப் போட்டுப் பார்க்கிறீர்கள். கடித்தால் வேறொன்றைக் கேட்கிறீர்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அடுத்த கடை. பணம் உங்கள் பையிலிருந்து போகிறது. வாங்கியது சரியில்லை என்றால் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும், அந்தக் கடைப்பக்கம் மறுபடி போக மாட்டீர்கள்.

இதற்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. எது வேண்டும் என்று முடிவுசெய்வது, பயன்படுத்துவது, பணம் கொடுப்பது, நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது. நான்கையும் செய்கிறவர் ஒரே ஆள். விலை ஏறினால் அந்த ஆள் பின்வாங்குவார் என்பதால்தான் கடைக்காரர் விலையையும் தரத்தையும் கவனித்துக்கொள்கிறார். மருத்துவத்தில் இந்த நான்கு வேலைகளும் வேறு வேறு ஆட்களிடம் பிரிந்துபோய்விடுகின்றன. பயன்படுத்துகிறவர் நோயாளி. எது வேண்டும் என்று சொல்கிறவர் மருத்துவர். பணம் கொடுப்பது காப்பீட்டு நிறுவனமோ அரசோ. தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஆளே இல்லை.

முதல் இழை: எப்போது, எவ்வளவு என்று தெரியாது

நாளைக்கு உங்களுக்குக் குடல்வால் அழற்சி வருமா? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் லட்சக்கணக்கான பேரை மொத்தமாகப் பார்த்தால், வருடத்துக்கு எத்தனை பேருக்கு வரும் என்று ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஒருவருக்குக் கணிக்க முடியாதது கூட்டத்துக்குக் கணிக்க முடிகிறது.

மருத்துவச் செலவு எல்லார் தலையிலும் சமமாக விழுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு வருடத்தில் ஆகும் மொத்த மருத்துவச் செலவில் ஏறக்குறைய பாதி, மக்களில் 5 சதவீதம் பேருக்கே ஆகிறது. குறைவாகச் செலவாகும் கீழ்ப்பாதி மக்களுக்கு ஆவது சுமார் 3 சதவீதம்தான். அதாவது பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை, சிலருக்குக் குடும்பத்தையே கவிழ்க்கும் தொகை.

இப்படிப்பட்ட அபாயத்துக்குச் சேமிப்பு உதவாது. நூறு பேரில் ஒருவருக்கு மட்டும் 10 லட்சம் செலவாகும் என்று வையுங்கள். நூறு பேரும் தனித்தனியாகப் பத்து லட்சம் சேர்க்க வேண்டுமென்றால் பாதிப் பேரால் முடியாது. ஆளுக்குப் பத்தாயிரம் போட்டு ஒரு பொதுப் பெட்டியில் வைத்தால் போதும். காப்பீடு என்பது இந்தப் பெட்டிதான். வருடாவருடம் அதில் போடுகிற தொகை பிரீமியம்.

ஆக, நிச்சயமின்மைக்கு மருந்து காப்பீடு. நல்ல மருந்துதான். ஆனால் இரண்டு பக்கவிளைவுகள் உண்டு. முதலாவது, பெட்டியில் யார் சேருகிறார்கள் என்பது. இரண்டாவது, பெட்டி இருப்பதாலேயே செலவு எப்படி மாறுகிறது என்பது. முதலாவதைச் சீக்கிரம் பார்த்துவிடலாம்.

பெட்டி தானாகக் காலியாகும் விதம்

ஒருவருடைய உடம்பு பற்றி அவருக்குத் தெரிந்த அளவு காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே பிரீமியம் என்று வைத்தால் என்ன நடக்கும்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

ஐந்து பேர். அவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக எதிர்பார்க்கக்கூடிய செலவு முறையே 2,000, 6,000, 10,000, 14,000, 18,000. தங்களுக்கு எவ்வளவு ஆகும் என்பது அவரவருக்கு ஓரளவு தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது. நிம்மதிக்காக ஒவ்வொருவரும் தன் செலவைவிட ஓர் ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கத் தயார். நிறுவனம் சராசரியான 10,000ஐப் பிரீமியமாக வைக்கிறது. முதல் இருவரும் "இது நமக்குக் கட்டாது" என்று விலகுகிறார்கள். மிஞ்சிய மூவரின் சராசரி 14,000. பிரீமியம் அதற்கு ஏறியதும் 11,000 வரை மட்டுமே கொடுக்கத் தயாரான மூன்றாமவர் போய்விடுகிறார். இருவர் மிச்சம், சராசரி 16,000. நான்காமவரும் கிளம்புகிறார். கடைசியில் பெட்டிக்குள் இருப்பது மிகவும் நோய்வாய்ப்பட்ட ஒருவர்தான். அவர் கட்டுவதும் தன் முழுச் செலவைத்தான். ஐந்து பேருமே காப்பீட்டை விரும்பியவர்கள் என்பதை மறக்க வேண்டாம். இதற்குப் பாதகத் தேர்வு என்று பெயர்.

இது காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. 1990களின் நடுவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் ஊழியர்களுக்கான காப்பீட்டு முறையை மாற்றியது. எந்தத் திட்டத்தை எடுத்தாலும் பல்கலைக்கழகம் ஒரே தொகையைத்தான் தரும், மிச்சத்தை ஊழியர் கட்ட வேண்டும் என்றாயிற்று. தாராளமான திட்டத்தில் இருந்த ஆரோக்கியமானவர்கள் மலிவான திட்டங்களுக்கு மாறினார்கள். தாராளத் திட்டத்தின் பிரீமியம் ஏறியது, இன்னும் பலர் விலகினார்கள். மூன்றே ஆண்டுகளில் அந்தத் திட்டம் மூடப்பட்டது. பல நாடுகளில் காப்பீட்டைக் கட்டாயமாக்குவதற்கும், வரிப்பணத்திலிருந்தே மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். எல்லாரும் உள்ளே இருந்தால் பெட்டி கரையாது.

இரண்டாம் இழை: வாங்குகிறவருக்கு என்ன வாங்குகிறோம் என்றே தெரியாது

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் இருப்பதைத் தகவல் இடைவெளி என்போம். பழைய கார் வாங்கும்போதும் இது உண்டு. ஆனால் கார் வாங்கி ஆறு மாதம் ஓட்டினால் அதன் லட்சணம் வெளிப்பட்டுவிடும். மருத்துவத்தில் சிகிச்சை முடிந்த பிறகும் இடைவெளி மூடுவதில்லை. தொண்டை வலிக்கு மாத்திரை சாப்பிட்டீர்கள், சரியாகிவிட்டது. மாத்திரையாலா, தானாகவா? அதே ஆள் மாத்திரை சாப்பிடாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பார்க்க வழியில்லை. அதனால்தான் மேலே சொன்ன நான்கு வேலைகளில் தீர்ப்புச் சொல்லும் வேலைக்கு ஆள் இல்லை என்றேன்.

இதில் இன்னொரு சங்கடம். தெரிந்தவர் என்று நாம் நம்புகிற மருத்துவருக்கும் பல நேரம் உறுதியாகத் தெரியாது. 1934இல் நியூயார்க் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு இதற்குப் பிரபலமான உதாரணம். அந்தக் காலத்தில் டான்சில் அறுவைச் சிகிச்சை மிகவும் சாதாரணம். ஆய்வில் எடுத்துக்கொண்ட 1,000 பிள்ளைகளில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாயிற்று. மிச்சமிருந்த 389 பேரை மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு அறுவை வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் 99 பேருக்கு வேண்டும் என்றார்கள். அதிலும் தப்பிய 116 பேரை மூன்றாவது முறை அனுப்பியபோது 51 பேருக்கு அறுவை பரிந்துரைக்கப்பட்டது. ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட 45 சதவீதம்! பிள்ளைகளின் தொண்டையைவிட மருத்துவர்களின் பழக்கம்தான் அந்த எண்ணைத் தீர்மானித்திருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை. மூன்று சுற்றுக்குப் பிறகு எந்தப் பரிந்துரையும் இல்லாமல் தப்பியவர்கள் 65 பேர்.

அந்த மருத்துவர்கள் பணத்துக்காகச் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. 'பாதிப் பேருக்காவது வேண்டியிருக்கும்' என்ற எதிர்பார்ப்போடு பார்த்தால், எந்தக் கூட்டத்திலும் பாதிப் பேர் மோசமாகத்தான் தெரிவார்கள். இது நேர்மைக் குறைவு இல்லை. நோயறிதலில் ஒரு பெரிய சாம்பல் பகுதி இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாம்பல் பகுதியில் 'செய்துவிடலாம்' என்ற பக்கத்துக்குப் பணமும் லேசாகத் தள்ளினால், அந்தத் தள்ளலைக் கண்டுபிடிக்க நோயாளியிடம் எந்தக் கருவியும் இல்லை.

சமூகம் இதற்கு ஒட்டுப்போட முயன்ற வழிகள்தான் மருத்துவர் உரிமம், தொழில் நெறிகள், லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரிகள் போன்றவை. யார் வேண்டுமானாலும் செருப்பு விற்கலாம், ஆனால் யார் வேண்டுமானாலும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று சட்டம் இருப்பது இதனால்தான். சரக்கைச் சோதிக்க முடியாதபோது ஆளையாவது சோதித்துக்கொள்வோம் என்ற ஏற்பாடு இது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: நிச்சயமின்மை இருப்பதால் காப்பீடு வந்தது. தகவல் இடைவெளி இருப்பதால் எவ்வளவு வாங்குவது என்ற முடிவு மருத்துவரிடம் போனது. இனி, முடிவுசெய்கிறவரும் அனுபவிக்கிறவரும் பணம் கொடுக்காதபோது என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் இழை: பணம் வேறொருவருடையது

பில்லை வேறொருவர் கட்டும்போது உபயோகம் கூடுவதை ஆங்கில வழக்கில் 'மாரல் ஹசார்ட்' என்கிறார்கள். பெயரைக் கேட்டு யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தனக்கு இலவசமாகக் கிடைக்கும்போது இன்னொரு தடவை டாக்டரைப் பார்த்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அவ்வளவே.

இதற்கு ஒரு நேரடியான தீர்வு பேசப்படும். செலவில் ஒரு பங்கை நோயாளியே கட்டட்டும். அப்போது தேவையில்லாததைத் தவிர்ப்பார், தேவையானதை வாங்குவார். கேட்க நியாயமாக இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க 1970களில் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு மாபெரும் சோதனை நடத்தியது. பொருளியலாளர் ஜோசப் நியூஹவுஸ் தலைமையில் நடந்த இது 1982 வரை நீடித்தது. ஆறு இடங்களில் சுமார் 2,750 குடும்பங்களைச் சேர்த்து, எந்தக் குடும்பத்துக்கு எந்தத் திட்டம் என்பதைக் குலுக்கல்போல முடிவுசெய்தார்கள். சிலருக்கு எல்லாமே இலவசம். மற்றவர்கள் செலவில் 25, 50 அல்லது 95 சதவீதம் கட்ட வேண்டும். யாரும் நொடித்துப்போகாமல் இருக்க, வருமானத்தைப் பொறுத்து ஒரு மேல்வரம்பும் உண்டு.

குலுக்கல் ஏன் முக்கியம்? அவரவரே திட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் நோயாளிகள் தாராளத் திட்டத்தில் குவிந்திருப்பார்கள். செலவு கூடியது இலவசத்தாலா, நோயாலா என்று பிரித்துப் பார்த்திருக்கவே முடியாது.

முடிவுகள் இரண்டு கட்சிகளுக்கும் தொந்தரவானவை. காசு கட்ட வேண்டியிருந்தவர்கள் குறைவாகச் செலவுசெய்தார்கள். வருடத்துக்கு ஓரிரு முறை குறைவாக டாக்டரைப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியில் சேர்வதும் சுமார் 20 சதவீதம் குறைந்தது. சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதுவரை பங்கு கட்டச் சொல்கிறவர்களுக்குச் சாதகம்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். அவர்கள் எதைக் குறைத்தார்கள் என்று பார்த்தபோது, பலன் தரும் சிகிச்சையையும் பெரிதாகப் பலனில்லாத சிகிச்சையையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்திருந்தார்கள். விலை, நோயாளியைச் சிக்கனமாக்கியது. புத்திசாலித்தனமாகத் தேர்ந்தெடுக்க வைக்கவில்லை. எப்படி வைக்கும்? எது பயனுள்ளது என்ற தகவல்தான் அவரிடம் இல்லையே. இதில் அடிபட்டவர்கள் ஏழைகளும் ஏற்கெனவே நோய் உள்ளவர்களும். முக்கியமாக, உயர் ரத்த அழுத்தம் உள்ள ஏழைகளிடையே இலவசத் திட்டத்தில் இருந்தவர்களுக்கு அழுத்தம் மேலும் நன்றாகக் கட்டுக்குள் வந்தது. ரத்த அழுத்தம் வலிக்காது. வலிக்காத ஒன்றுக்காகக் காசு கொடுத்து டாக்டரிடம் போவதை யாரும் முதலில் தள்ளிப்போடுவார்கள்.

இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடச் சுவாரசியமானது. சொந்தக் காசு கட்ட வேண்டியிருப்பது, ஒரு நோய்க்காக டாக்டரிடம் போவதா வேண்டாமா என்ற முடிவைத்தான் பெரிதும் பாதித்தது. ஒருமுறை போய்ச் சிகிச்சை தொடங்கிவிட்டால், அந்த நோய்க்கு ஆகும் செலவு எல்லாத் திட்டங்களிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தது. நோயாளியின் கையில் இருப்பது வாசல் கதவு மட்டும். உள்ளே நுழைந்தபின் எத்தனை பரிசோதனை, எந்த மருந்து, எத்தனை நாள் படுக்கை என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். பெரிய செலவெல்லாம் இருப்பது கதவுக்கு உள்ளேதான்.

அப்படியானால் மருத்துவர் பக்கம் மாற்றிப் பார்த்தால்?

இதற்கும் அதே சோதனையில் ஒரு விடை கிடைத்தது. சியாட்டிலில் சில குடும்பங்களை ஒரு முன்பணக் குழு மருத்துவ அமைப்பில் சேர்த்தார்கள். ஒருவருக்கு இவ்வளவு என்று வருடத்துக்கு ஒரு தொகை அமைப்புக்கு முன்கூட்டியே போய்விடும். அந்தப் பணத்துக்குள் அவருடைய எல்லாச் சிகிச்சையையும் அமைப்பு பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தலைக்கட்டணம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வழக்கமான முறை இதற்கு நேர் எதிர், செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கட்டணம்.

நோயாளிக்கு இரண்டிலுமே இலவசம்தான். மாறியது மருத்துவர் பக்கத்தின் கணக்கு மட்டும். தலைக்கட்டண அமைப்பில் ஆஸ்பத்திரிச் சேர்க்கை சுமார் 40 சதவீதம் குறைவு, மொத்தச் செலவு கால்வாசி குறைவு. டாக்டரைப் பார்க்கப் போவது குறையவில்லை. கதவு திறந்தே இருந்தது, உள்ளே நடப்பது மாறியது.

உடனே கொண்டாடிவிட முடியாது. வேலைக்கு வேலை கட்டணம் என்றால் கூடுதலாகச் செய்யத் தூண்டுதல். தலைக்கட்டணம் என்றால் குறைவாகச் செய்யத் தூண்டுதல். செய்யாமல் விட்டதை நோயாளியால் கண்டுபிடிக்க முடியுமா? செய்ததையே மதிப்பிட முடியாதவர் செய்யாததை எப்படி மதிப்பிடுவார்! சியாட்டில் குழுவிலும் ஏழைகளாகவும் நோயாளிகளாகவும் இருந்தவர்களின் நிலை, இலவசத் திட்டத்தில் இருந்த அவர்களைப் போன்றவர்களைவிடக் கொஞ்சம் மோசமாக இருந்ததாகப் பின்னர் தெரியவந்தது. சத்தமாகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் எந்த அமைப்பிலும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

நடுவழி ஒன்றை 1983இல் அமெரிக்க அரசு முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரிக்கு நாள்கணக்கில் பணம் கிடையாது. நோயின் வகைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. இடுப்பு உடைந்து வந்தவர் ஐந்து நாள் இருந்தாலும் பதினைந்து நாள் இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுதான். நோயாளிகள் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறைந்தன. முழுசாகத் தேறுவதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்ற புகாரும் எழுந்தது. நோயின் வகையை ஒருபடி கடுமையானதாகப் பதிவுசெய்து அதிகத் தொகை வாங்கும் வழக்கமும் வளர்ந்தது. பணம் கொடுக்கும் முறையை எப்படி மாற்றினாலும், அளந்து பார்க்க முடியாத பக்கமாகப் பிரச்சினை நகர்ந்துகொள்கிறது.

விலைப்பட்டியல் எங்கே வேலை செய்யும்?

மருத்துவத்தில் சந்தை எங்குமே இயங்காது என்று சொல்வதும் தவறு. கண்ணாடியைத் தவிர்ப்பதற்காகச் செய்துகொள்ளும் லேசர் கண் சிகிச்சையைப் பாருங்கள். அவசரமில்லை, ஆறு மாதம் யோசித்துச் செய்யலாம். ஆகவே முதல் இழை தளர்ந்துவிடுகிறது. பெரும்பாலான இடங்களில் காப்பீடு இதற்குப் பணம் தருவதில்லை, சொந்தக் காசுதான். மூன்றாம் இழையும் இல்லை. பார்வை தெளிந்ததா என்பது சில நாட்களில் தனக்கே தெரிந்துவிடும் என்பதால் இரண்டாவதும் பாதி அவிழ்கிறது. இங்கே விலையை முன்கூட்டியே சொல்கிறார்கள், விளம்பரம் செய்கிறார்கள், நான்கு இடத்தில் விசாரித்து வாங்க முடிகிறது.

அதனால் "விலையை வெளியிட்டால் போதும்" என்று யாராவது சொன்னால், எந்தச் சிகிச்சைக்கு என்று கேட்க வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் போகிறவரிடம் மூன்று இழைகளும் இறுக்கமாக இருக்கின்றன. முழங்கால் மாற்று, மகப்பேறு போன்றவை நடுவில் எங்கோ இருக்கின்றன. திட்டமிட நேரம் உண்டு, ஆனால் வேண்டுமா, எந்த முறையில் என்பதைச் சொல்வது இன்னும் மருத்துவர்தான். அங்கே ஒரே ஒரு சிகிச்சையின் விலையை ஒப்பிடுவதைவிட, அதைச் செய்து பணம் பெறாத இன்னொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது கூடுதல் பயன் தரலாம். லேசர் சிகிச்சையிலும்கூட, உங்கள் கருவிழியின் தடிமன் அதற்குத் தாங்குமா என்பதை அளந்து சொல்கிறவர் பெரும்பாலும் அந்தச் சிகிச்சையை விற்கிறவர்தான்.